அறுகோணத்தின் மூலையைத் தொட்டால் பக்கத்துக் கட்டம் தேர்வாகிறது. தூரக் கணக்கும் ஒத்துவரவில்லை

ஆயர்ஈத்தாம்_குமரன்

வணக்கம். பினாங்குத் தீவையும் எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தையும் வைத்து ஒரு பலகை விளையாட்டைப் பிரவுசரில் ஓடும்படி எழுதிக்கொண்டிருக்கிறேன். பலகை முழுக்க அறுகோணக் கட்டங்கள், 24 நிரல், 18 வரிசை. கூர்முனை மேலே இருக்கும் வகை. நடுப்புள்ளியிலிருந்து மூலைக்கு 40 பிக்சல். அதனால் ஒரே வரிசையில் அடுத்தடுத்த கட்டங்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 69.282 பிக்சல், வரிசைக்கு வரிசை 60 பிக்சல்.

கட்டத்திலிருந்து பிக்சலுக்குப் போவதில் எந்தத் தொல்லையும் இல்லை. ஒவ்வொரு கட்டத்தையும் q, r என்ற இரண்டு எண்களால் குறிக்கிறேன். q வலப்பக்கமாக ஓடுகிறது, r சாய்வாக வலது கீழ்ப்பக்கம் ஓடுகிறது. x = 69.282 * (q + r/2), y = 60 * r. வரைந்து பார்த்தால் ஒரு இடைவெளிகூட இல்லாமல் ஒட்டிக்கொள்கின்றன. அதையே திருப்பிப் போட்டுத்தான் தொடும் இடத்திலிருந்து கட்டத்தைக் கண்டுபிடிக்கிறேன்:

```js
function pixelToCell(x, y) {
  const r = y / 60;
  const q = x / 69.282 - r / 2;
  return [Math.round(q), Math.round(r)];
}
```

கட்டத்தின் நடுவில் தொட்டால் சரியாக வருகிறது. ஓரத்தில் தொட்டால் சில சமயம் பக்கத்துக் கட்டம் ஒளிர்கிறது. அதிலும் எல்லா ஓரத்திலும் இல்லை. மேல் முனை, கீழ் முனை, வலது மேல் மூலை, இடது கீழ் மூலை, இந்த நான்கில் மட்டும்தான் தப்பு நடக்கிறது. இடது மேல் மூலையிலும் வலது கீழ் மூலையிலும் எப்போது தொட்டாலும் சரியாக இருக்கிறது. நான்கு மூலை கெட்டு இரண்டு மூலை தப்பிப்பது ஏன் என்பதுதான் புரியவில்லை.

இரண்டாவது கேள்வி. காய் நான்கு நகர்வுக்குள் போகக்கூடிய இடங்களை நிறம் மாற்றிக் காட்ட வேண்டும். பலகையை நிரல், வரிசை என்றுதான் சேமித்திருக்கிறேன், ஒற்றைப்படை வரிசைகள் அரைக் கட்டம் வலப்பக்கம் தள்ளி நிற்கும். நிரல் வித்தியாசம், வரிசை வித்தியாசம் இரண்டில் பெரியதை எடுத்தால் தூரம் என்று வைத்தேன். ஒளிரும் பகுதி அறுகோணமாக வராமல் சதுரம் மாதிரி வருகிறது.

---

செந்தூல்_தமிழ்

தம்பி, உங்கள் கட்டத்துக்கு q, r மட்டும் போதாது. மூன்றாவதாக s என்று ஒன்று வேண்டும். q + r + s எப்போதும் பூச்சியமாக இருக்க வேண்டும் என்பதுதான் அறுகோணக் கட்டத்தின் அடிப்படை. நீங்கள் q-வையும் r-ஐயும் முழு எண்ணாக்கிய பிறகு s = -q - r என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கூட்டுத்தொகை பூச்சியமாகிவிடும், கட்டமும் சரியாகிவிடும்.

தூரத்துக்கு, வரிசை வித்தியாசத்தோடு, நிரல் வித்தியாசத்தில் வரிசை வித்தியாசத்தின் பாதியைக் கழித்து மிஞ்சுவதைக் கூட்டுங்கள். மிஞ்சுவது பூச்சியத்துக்குக் கீழே போனால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வரிசை இறங்கும்போதும் அரைக் கட்டம் பக்கவாட்டில் இலவசமாகக் கிடைக்கிறது அல்லவா, அதைத்தான் கழிக்கிறோம்.

---

ஆயர்ஈத்தாம்_குமரன்

நன்றி அண்ணே. அந்த s வரியைச் சேர்த்துப் பார்த்தேன். கூட்டுத்தொகை பூச்சியம்தான், ஆனால் அதே மூலைகளில் அதே தப்பு அப்படியே இருக்கிறது. ஓர் இடத்தைச் சரியாகக் குறித்து வைத்திருக்கிறேன். (0,0) கட்டத்தின் நடுவிலிருந்து x = 43, y = 21. கண்ணால் பார்த்தால் அது வலப்பக்கத்து (1,0) கட்டத்துக்குள் இருக்கிறது. என் புரோகிராம் (0,0) என்கிறது.

தூரத்திலும் ஒரு சிக்கல். நிரல் வித்தியாசம் 3, வரிசை வித்தியாசம் 3 என்றால் உங்கள் கணக்கில் 4.5 வருகிறது. மேலே ஏற்றுவதா, கீழே இறக்குவதா?

---

வரைபடக்காரி

குமரன், அந்த (43, 21) நல்ல உதாரணம். அதையே கையால் போட்டுப் பார்ப்போம்.

r = 21 / 60 = 0.35. q = 43 / 69.282 - 0.175, அதாவது 0.446. இரண்டும் அரைக்குக் கீழே இருப்பதால் இரண்டுமே பூச்சியமாகின்றன. உங்களுக்கு (0,0) வருவது அதனால்தான்.

இப்போது முழு எண்ணாக்குவதற்கு முன்னால் s எவ்வளவு என்று பாருங்கள். -0.446 - 0.35 = -0.796. இதற்குக் கிட்டிய முழு எண் -1. மூன்றையும் தனித்தனியாக முழு எண்ணாக்கினால் 0, 0, -1 வருகிறது. கூட்டினால் -1. பூச்சியம் இல்லை, ஆக மூன்றில் ஒன்று பொய் சொல்கிறது. எது என்று தெரிய, ஒவ்வொன்றும் எவ்வளவு நகர்த்தப்பட்டது என்று பாருங்கள். q 0.446 நகர்ந்தது, r 0.35, s 0.204. அதிகமாக நகர்ந்தது q. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மற்ற இரண்டிலிருந்து திரும்பக் கணக்கிட்டால் q = -0 - (-1) = 1. கட்டம் (1,0). உங்கள் கண் சொன்னதுதான்.

செந்தூல்_தமிழ் சொன்னதில் s வேண்டும் என்பது சரி, எப்போது கணக்கிடுவது என்பதில்தான் கோளாறு. முழு எண்ணாக்கிய பிறகு s-ஐ வருவித்தால் கூட்டுத்தொகை எந்தக் காலத்திலும் பூச்சியம்தான், தப்பான கட்டத்துக்கும் பூச்சியம்தான். அந்தச் சோதனை எதையும் பிடிக்காது. q, r இரண்டை மட்டும் முழு எண்ணாக்குவது என்றால், ஒவ்வொரு தடவையும் s-ஐத்தான் பலி கொடுக்கிறோம் என்று பொருள். மேலே உள்ள புள்ளியில் மூன்றிலும் நம்பத்தகுந்தது s-தான். அதையே தூக்கிப் போட்டுவிட்டீர்கள்.

```js
function nearestCell(q, r) {
  const s = -q - r;
  let a = Math.round(q), b = Math.round(r);
  const c = Math.round(s);
  const da = Math.abs(a - q);
  const db = Math.abs(b - r);
  const dc = Math.abs(c - s);
  if (da > db && da > dc) a = -b - c;
  else if (db > dc) b = -a - c;
  return [a, b];
}
```

அதிகம் நகர்ந்தது s என்றால் a, b இரண்டையும் தொட வேண்டியதில்லை, அதனால்தான் மூன்றாவது கிளை இல்லை. கூட்டுத்தொகை பூச்சியமாக இல்லாதபோது அதிகம் நகர்ந்த இரண்டும் சமமாக இருந்தால் புள்ளி சரியாக எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று பொருள், எந்தப் பக்கம் போனாலும் பரவாயில்லை.

இனி நான்கு மூலை ஏன் என்ற கேள்வி. q, r இரண்டையும் தனித்தனியாக முழு எண்ணாக்கினால், ஒரு கட்டத்துக்குச் சொந்தமாகும் பகுதி அறுகோணமே இல்லை. அது ஒரு சாய்ந்த இணைகரம். பரப்பளவு அறுகோணத்தின் பரப்பளவேதான், ஆனால் அதன் கூர்ந்த இரண்டு முனைகள் வலது கீழேயும் இடது மேலேயும் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. வலது கீழ் முனை (51.96, 30) வரை போகிறது. அறுகோணத்தின் எந்த மூலையும் நடுவிலிருந்து 40 பிக்சலைத் தாண்டக் கூடாது, அந்த முனையோ 60 பிக்சலில் இருக்கிறது. உங்கள் (43, 21) புள்ளியே 47.9 பிக்சல் தள்ளி இருக்கிறது, (0,0) கட்டத்துக்குள் இருக்க வழியே இல்லை.

ஒவ்வொரு கட்டமும் அந்த இரண்டு திசையில் பக்கத்து வீட்டு நிலத்தைப் பிடித்துக்கொள்வதால், அதன் சொந்த இடது மேல், வலது கீழ் மூலைகள் பத்திரமாக இருக்கின்றன. மீதி நான்கு மூலைகளை அண்டைக் கட்டங்கள் பிடித்துக்கொள்கின்றன. பறிபோவது ஒவ்வொன்றும் ஒரு சிறு முக்கோணம். மூலைப்புள்ளியையும் அதன் இரு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் இணைத்தால் அது கிடைக்கும். ஒரு முக்கோணம் அறுகோணப் பரப்பில் 24-இல் ஒரு பங்கு, நான்கு சேர்ந்தால் ஆறில் ஒரு பங்கு. அதாவது சும்மா எங்கேயாவது தொட்டால் ஆறுக்கு ஒரு தடவை தப்பாகும். நடுவில் தொட்டே சோதித்தால் இது கண்ணில் படவே படாது.

---

ஆயர்ஈத்தாம்_குமரன்

மாற்றிவிட்டேன் அக்கா. எல்லா மூலையும் சரியாகிவிட்டது. இணைகரம் என்று நீங்கள் சொன்னதைப் பார்க்க ஆசைப்பட்டு, பழைய கணக்கை வைத்தே பலகையில் ஒவ்வொரு பிக்சலுக்கும் அது எந்தக் கட்டம் என்று கேட்டு நிறம் பூசிப் பார்த்தேன். வரைந்த அறுகோணக் கோடுகளுக்குக் கீழே சாய்ந்த செங்கல் சுவர் மாதிரி வந்தது. புதிய கணக்கில் நிறம் கோட்டுக்குள்ளேயே நிற்கிறது.

---

செந்தூல்_தமிழ்

சரி, s-ஐ முன்னால் கணக்கிட வேண்டும் என்பது புரிந்தது. ஆனால் ஒரு சின்ன ஆட்சேபணை. 24 x 18 என்றால் மொத்தமே 432 கட்டம். தொட்ட புள்ளிக்கும் ஒவ்வொரு கட்டத்தின் நடுவுக்கும் உள்ள தூரத்தை அளந்து, எது குறைவோ அதை எடுத்தால் முடிந்தது. அறுகோணம் என்பதே தன் நடுப்புள்ளிக்கு மற்ற நடுப்புள்ளிகளைவிடக் கிட்டே இருக்கும் இடம்தானே? சூத்திரமே வேண்டாம்.

---

வரைபடக்காரி

இதில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. 432 நடுப்புள்ளிகளை ஒரு தொடுதலுக்கு அளப்பது எந்தக் கைப்பேசிக்கும் பாரமில்லை. (43, 21)-இல் பார்த்தால் (0,0)-க்கு 47.9, (1,0)-க்கு 33.6, (0,1)-க்கு 39.9. குறைவு (1,0). அதே விடை.

நான் அதை விளையாட்டில் வைக்காமல் சோதனையில் வைப்பேன். பலகை மேல் கண்டபடி புள்ளிகளை எடுத்து, இரண்டு வழியிலும் கட்டத்தைக் கேட்டு, வேறுபட்டால் அச்சிடச் சொல்லுங்கள். சூத்திரத்தில் ஒரு குறி மாறியிருந்தாலும் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

தூரத்துக்கு வருவோம். உங்கள் சூத்திரம் வரிசை வித்தியாசம் இரட்டைப்படையாக இருக்கும்வரை சரியாகவே வரும். ஒற்றைப்படை ஆனால் அரை மிஞ்சும். அதை ஏற்றுவதா இறக்குவதா என்று குமரன் கேட்டதற்கு ஒரே பதில் கிடையாது. பாருங்கள்.

(நிரல் 0, வரிசை 0)-இலிருந்து (3, 3)-க்கு: வரிசை 3 அரைக் கட்டம் வலப்பக்கம் தள்ளி நிற்கிறது. ஆகப் பக்கவாட்டில் மூன்றரைக் கட்டம் போக வேண்டும். மூன்று வரிசை இறங்கும்போது ஒன்றரை கிடைக்கும், மிச்சம் 2. மொத்தம் 5 நகர்வு.

(நிரல் 0, வரிசை 1)-இலிருந்து (3, 4)-க்கு: நிரல் வித்தியாசம் அதே 3, வரிசை வித்தியாசம் அதே 3. இங்கே தள்ளி நிற்பது புறப்படும் வரிசை. பக்கவாட்டில் இரண்டரைதான் போக வேண்டும். மொத்தம் 4 நகர்வு.

வித்தியாசங்கள் ஒன்றே, தூரம் வேறு. ஆகவே நிரல், வரிசை வித்தியாசங்களை மட்டும் வாங்கிக்கொள்ளும் எந்தச் சூத்திரமும் இதில் தோற்கும், எங்கிருந்து புறப்பட்டோம் என்று கேட்டே ஆக வேண்டும். அதற்குப் பதில் முதலில் q, r-க்கு மாறிவிடுங்கள். ஒற்றைப்படை வரிசை வலப்பக்கம் தள்ளிய பலகைக்கு q = col - (row - (row & 1)) / 2, r = row. அதன் பிறகு:

```js
function steps(q1, r1, q2, r2) {
  const dq = q1 - q2, dr = r1 - r2;
  return Math.max(Math.abs(dq), Math.abs(dr), Math.abs(dq + dr));
}
```

மேலே உள்ள முதல் ஜோடியில் (3, 3) என்பது q = 2, r = 3 ஆகிறது. 2, 3, 5-இல் பெரியது 5. இரண்டாவதில் புறப்பாடு (0, 1), சேருமிடம் (1, 4). வித்தியாசம் 1, 3, கூட்டினால் 4. பெரியது 4. பாதியை ஏற்றும் பேச்சுக்கே இடமில்லை.

பெரியதை எடுப்பது ஏன் சரி என்றால், ஒரு நகர்வு q, r, s மூன்றில் சரியாக இரண்டை மட்டும் மாற்றுகிறது, ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைக்கிறது. மூன்று வித்தியாசங்களும் சேர்ந்து பூச்சியம் என்பதால் பெரியது ஒரு குறியிலும் மற்ற இரண்டும் எதிர்க்குறியிலும் இருக்கும். ஒவ்வொரு நகர்விலும் பெரியதில் ஒன்று, மற்றவற்றில் ஒன்று என்று அடைத்துக்கொண்டே போகலாம். பெரியது தீரும்போது எல்லாமே தீர்ந்திருக்கும்.

இன்னொன்று, row & 1 என்பதை row % 2 என்று எழுதிவிடாதீர்கள். பலகையை மேலே நீட்டி வரிசை எண் எதிர்மறைக்குப் போனால், ஜாவாஸ்கிரிப்டில் -3 % 2 என்பது -1. q ஒரு கட்டம் தள்ளிப் போய்விடும். -3 & 1 என்பது 1, அதுதான் வேண்டியது.

---

பழைய_கிள்ளான்_சாலை

இழையைத் தொடர்ந்து படிக்கிறேன், எனக்கும் இதே தேவை. கோலாலம்பூரில் உணவு விநியோகத்துக்கு நகரத்தை அறுகோணங்களாகப் பிரித்து வைத்திருக்கிறோம். ஒரு கட்டத்தின் அகலம் ஒரு கிலோமீட்டர். பங்சாரில் ஒரு கட்டம், செராசில் ஒரு கட்டம். இந்த steps தரும் எண்ணை அப்படியே கிலோமீட்டர் என்று எடுத்து, அதை வைத்துக் கட்டணம் போடலாமா? இத்தனை நாள் நான் பெரியதை எடுக்காமல் மூன்றையும் கூட்டி வைத்திருந்தேன், கட்டணம் இரண்டு மடங்காக வந்தது.

---

வரைபடக்காரி

மூன்றின் தனி மதிப்புகளையும் கூட்டினால் சரியாக இரண்டு மடங்குதான் வரும், பாதியாக்கினால் அதே தூரம். அந்த இரட்டிப்பு அங்கேதான்.

கிலோமீட்டர் விஷயம் வேறு. நகர்வு எண்ணிக்கை ஆறு நேர்த்திசைகளில் மட்டும்தான் நேர்கோட்டுத் தூரத்தோடு ஒத்துப்போகும். குமரனின் பலகையில் (2, 0) கட்டமும் (1, 1) கட்டமும் இரண்டிரண்டு நகர்வு. முதலாவது 138.6 பிக்சல் தள்ளி, இரண்டாவது 120 பிக்சல் தள்ளி. ஆக உங்கள் கணக்கில் பத்து நகர்வு என்பது நேர்கோட்டில் 8.66 கிலோமீட்டராகவும் இருக்கலாம், 10 ஆகவும் இருக்கலாம். எந்தத் திசையில் வீடு இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒருவர் 15 சதவீதம் வரை கூடக் கட்டுவார். நடுப்புள்ளிகளின் நேர்தூரம் வேண்டுமென்றால் Math.sqrt(dq*dq + dr*dr + dq*dr)-ஐக் கட்ட அகலத்தால் பெருக்குங்கள்.

அதுவும் பறவை போகும் தூரம்தான். மோட்டார் சைக்கிள் கிள்ளான் ஆற்றைப் பாலத்தில்தான் கடக்கும். கட்டணத்துக்கு இதை நம்ப வேண்டாம், எந்தக் கடைகளைப் பட்டியலில் காட்டுவது என்று சல்லடை போடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

---

பழைய_கிள்ளான்_சாலை

சரி, சாலைத் தூரம் வேறு வழியில் எடுத்துக்கொள்கிறேன். நாங்கள் பயன்படுத்துவது H3 என்ற அறுகோணக் கட்ட நூலகம். அதிலும் இந்த q, r நேரடியாக வேலை செய்யுமா?

---

வரைபடக்காரி

நேரடியாக வேண்டாம். அது உருண்டையான பூமி மேல் விரித்த கட்டம். எல்லாமே அறுகோணமாக உருண்டையை மூட முடியாது, அதனால் ஒவ்வொரு நுணுக்க நிலையிலும் 12 ஐங்கோணங்கள் உண்டு, கட்டங்களின் பரப்பும் இடத்துக்கு இடம் மாறும். அதற்கென்றே gridDistance என்று ஒன்று அந்த நூலகத்தில் இருக்கிறது. ஐங்கோணத்துக்குக் குறுக்கே கேட்டால் அது விடை தராமல் பிழை காட்டலாம், அதைக் கையாளும்படி எழுதிக்கொள்ளுங்கள். தட்டையான பலகைக்குப் பேசிக்கொண்டிருக்கும் இந்தச் சூத்திரங்களை அங்கே கலக்க வேண்டாம்.

---

பிரிக்பீல்ட்ஸ்_ஓவியர்

நான் நிரலாளர் இல்லை, விளையாட்டுகளுக்குப் படம் வரைபவன். என் அனுபவத்தில் அறுகோணப் படங்கள் சரியான அறுகோணமாக இருப்பதே அபூர்வம். 64 அகலம், 64 உயரம், வரிசைக்கு வரிசை 48 என்று வரைந்து கொடுப்பேன். 69.282 மாதிரி எண்ணெல்லாம் வராது. அப்போது இந்தக் கணக்கு உடைந்துவிடாதா?

---

வரைபடக்காரி

நல்ல கேள்வி. உடையாது. குமரன் எழுதிய வரியிலேயே விடை இருக்கிறது. 60 என்ற இடத்தில் 48, 69.282 என்ற இடத்தில் 64 போட்டால் போதும். படத்தை உயரவாக்கில் அமுக்கினாலும் நீட்டினாலும் q, r, s மாறுவதில்லை, எல்லைகளும் படத்தோடு சேர்ந்தே அமுங்கும்.

ஒரு நிபந்தனை மட்டும். வரிசை இடைவெளி படத்தின் உயரத்தில் முக்கால் பங்காக இருக்க வேண்டும். உங்கள் 48 என்பது 64-இல் முக்கால், அதனால் கச்சிதம். யாராவது கூரையைத் தட்டையாக வரைந்து, 64 உயரத்துக்கு 52 இடைவெளி வைத்தால் அது நீட்டிய சீர் அறுகோணம் இல்லை. பக்கச் சுவர் நீளமாகிவிட்டது. சாய்ந்த ஓரங்களில் சில பிக்சல் வேறு கட்டத்துக்குப் போகும்.

---

பிரிக்பீல்ட்ஸ்_ஓவியர்

அந்த 52 மாதிரியான படங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன, கட்டடங்களுக்கு அப்படி வரைந்தால்தான் அழகாக இருக்கும். அதற்கு வழி?

---

செந்தூல்_தமிழ்

நடுப்புள்ளி தேடும் என் வழி அதற்கு ஒத்துவருமே?

---

வரைபடக்காரி

அதுவும் வராது. நடுப்புள்ளிக்குக் கிட்டே இருப்பது எது என்ற கேள்விக்கும் வரைந்த ஓரத்துக்கும் சம்பந்தம் விட்டுப்போகிறது. சூத்திரத்தை வைத்து ஒரு கட்டத்தைப் பிடித்து, பிறகு அதையும் அதன் ஆறு அண்டைக் கட்டங்களையும் மட்டும் வரைந்த ஓரக்கோடுகளை வைத்துச் சரிபார்ப்பது என் யோசனை. இதைவிடச் சுருக்கமான வழி யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.

---

ஆயர்ஈத்தாம்_குமரன்

தூரமும் சரியாகிவிட்டது. நான்கு நகர்வு வட்டம் இப்போது அழகான பெரிய அறுகோணமாக ஒளிர்கிறது. எண்ணிப் பார்த்தேன், நடுக்கட்டத்தோடு 61.

ஆனால் கைப்பேசியில் திறந்தால் மறுபடியும் தப்பான கட்டம். கணினியில் எல்லா மூலையும் சரி. கைப்பேசியில் இடது மேலே ஓரளவு ஒத்துவருகிறது, பட்டர்வொர்த் பக்கம் போகப் போக மூன்று நான்கு கட்டம் தள்ளிப் போகிறது.

---

வரைபடக்காரி

61 சரியான எண்ணிக்கை: 1 + 6 + 12 + 18 + 24.

கைப்பேசி விஷயத்தில் தப்பு எப்படிப் பரவுகிறது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. மூலைகளில் மட்டும் தப்பு என்றால் முழு எண்ணாக்குவதில் கோளாறு. பலகை முழுக்க ஒரே அளவு தள்ளிப் போனால் தொடக்கப்புள்ளியில் கோளாறு, (0,0) கட்டத்தின் நடுவை எங்கே வரைந்தீர்களோ அதைக் கழிக்க மறந்திருப்பீர்கள். போகப் போகக் கூடினால் அளவுகோலில் கோளாறு. உங்களுடையது மூன்றாவது. கேன்வாஸை 1720 பிக்சல் அகலத்தில் வரைந்துவிட்டு, பக்க அமைப்பில் திரை அகலத்துக்குச் சுருக்கியிருப்பீர்கள். தொடுதல் வருவது சுருங்கிய அளவில்.

```js
const box = canvas.getBoundingClientRect();
const x = (e.clientX - box.left) * canvas.width / box.width - originX;
const y = (e.clientY - box.top) * canvas.height / box.height - originY;
```

எதை முதலில் செய்கிறோம் என்பது முக்கியம்: முதலில் பெருக்கி வரைந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, அதன் பிறகுதான் originX-ஐக் கழிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் இரண்டு தப்பும் கலந்து வரும், எது எது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

---

ஆயர்ஈத்தாம்_குமரன்

ஆமாம், கேன்வாஸ் சுருங்கித்தான் இருந்தது. இப்போது கைப்பேசியிலும் விரல் வைத்த கட்டமே ஒளிர்கிறது.

கடைசியாக ஒன்று. காய் சேருமிடத்துக்குத் தானாக வழி கண்டுபிடிக்க A* எழுதியிருக்கிறேன், மிச்சத் தூரத்தை ஊகிக்க இதே steps. பாலம் வழியாகப் போகும்போது நல்ல வழிதான் கிடைக்கிறது. ஃபெரியையும் சேர்த்திருக்கிறேன், ஜார்ஜ்டவுன் படகுத்துறையில் ஏறினால் ஒரே நகர்வில் பட்டர்வொர்த். நடுவில் ஐந்து கடல் கட்டம். இப்போது சில சமயம் படகுத்துறைக்கு அருகில் இருக்கும் காய்கூடப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது.

---

வரைபடக்காரி

A*-க்குக் கொடுக்கும் ஊகம் உண்மையான செலவைத் தாண்டக் கூடாது. சாதாரணக் கட்டங்களில் steps எப்போதும் தாண்டாது, மலையோ கடலோ குறுக்கே வந்தால் உண்மையான வழி நீளுமே தவிரக் குறையாது. ஃபெரி அதை உடைக்கிறது. துறையில் நின்றால் எதிர்த்துறை 6 நகர்வு என்று steps சொல்கிறது, உண்மை 1. அங்கே போவது வீண் என்று தேடல் முடிவுகட்டிவிடுகிறது.

ஊகத்தை மூன்றில் சிறியதாக வைத்துப் பாருங்கள்: நேரான steps, இல்லையென்றால் ஜார்ஜ்டவுன் துறைவரை steps கூட்டல் 1 கூட்டல் பட்டர்வொர்த் துறையிலிருந்து steps, இல்லையென்றால் அதே கணக்கு எதிர்த்திசையில். இது ஒருபோதும் தாண்டாது.

---

செந்தூல்_தமிழ்

432 கட்டத்துக்கு ஊகமே எதற்கு? பூச்சியம் என்று வைத்துவிட்டால் எல்லாக் கட்டத்தையும் அலசும், ஆனால் தப்பாகாது. நாளைக்கு இரண்டாவது படகுத்துறை சேர்த்தாலும் ஒரு வரி மாற்ற வேண்டாம்.

---

வரைபடக்காரி

இந்தப் பலகைக்கு அதுவும் சரிதான். துறைகள் கூடக்கூட என் வழியில் சேர்க்கைகளும் கூடும்.

---

ஆயர்ஈத்தாம்_குமரன்

பூச்சியம் வைத்து ஓட்டினேன், படகில் ஏறுகிறது. ஆனால் நான்கு நகர்வு வட்டம் இன்னும் steps வைத்துத்தான் ஒளிர்கிறது, ஃபெரி அதற்குத் தெரியாது. துறைக்கு இரண்டு கட்டம் தள்ளி நிற்கும் காய்க்கு எதிர்க்கரையிலும் சில கட்டங்கள் ஒளிர வேண்டும் அல்லவா?

---

பிரிக்பீல்ட்ஸ்_ஓவியர்

ஆடுபவர் பக்கமிருந்து சொல்கிறேன். கடலுக்கு அந்தப் பக்கம் திடீரென்று ஒரு துண்டு ஒளிர்ந்தால் குழப்பமாக இருக்கும். துறைக் கட்டத்தில் ஒரு படகுக் குறி போட்டால் போதும் என்று நினைக்கிறேன்.

---

செந்தூல்_தமிழ்

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். போக முடிகிற இடத்தைக் காட்டத்தானே அந்த ஒளி? துறைக்கு இரண்டு, படகுக்கு ஒன்று, அப்புறம் ஒன்று மிச்சம். பட்டர்வொர்த் துறையும் அதைச் சுற்றியுள்ள நிலக் கட்டங்களும் ஒளிரத்தான் வேண்டும்.

---

வரைபடக்காரி

காட்டுவதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவுசெய்யுங்கள். காட்டுவதென்றால் steps-ஐ விட்டுவிட்டு, காய் நிற்கும் கட்டத்திலிருந்து அண்டைக் கட்டம் அண்டைக் கட்டமாக நான்கு சுற்று பரவவிட்டு, துறையைத் தொட்டதும் எதிர்த்துறையையும் ஓர் அண்டையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடல் கட்டங்களும் பினாங்கு மலைக் கட்டங்களும் தாமாகவே விலகிவிடும். steps அவற்றையும் சேர்த்துத்தான் இப்போது ஒளிரவைத்துக்கொண்டிருக்கிறது, தீவின் நடுவில் ஒரு காயை வைத்துப் பாருங்கள்.